உதவி வேண்டுகோள் எழுதும்போது: தொகை, வங்கிக் கணக்கு, பின்னறிவிப்பு

எங்கள் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவின் மேசைக்கு வரும் குடும்பத்தினர் பலர் கையில் ஒரு தாளோடு வருகின்றனர். குழாய்கள் பொருத்தப்பட்ட குழந்தையின் படம், அதன்கீழே ‘உடனடியாக 20 லட்சம் தேவை, 48 மணி நேரமே உள்ளது’ என்னும் வரி, அதற்கும் கீழே உறவினர் ஒருவரின் கைப்பேசி எண். உறவினரோ நண்பரோ நல்ல எண்ணத்துடன் எழுதிக்கொடுத்த தாள் அது. நோயும் உண்மை, தேவையும் உண்மை. ஆயினும் அந்தத் தாளைப் படிக்கும் அயலாருக்கு உண்மை என்று நம்புவதற்கான சான்று எதுவும் அதில் இல்லை. போலியான வேண்டுகோள்களும் இதே படம், இதே வரி, இதே அவசரத்தோடுதான் வருகின்றன.

அறிமுகமில்லாத ஒருவர் பணம் அனுப்பும் முன் அவர் மனத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. இது உண்மையா? என் பணம் எங்கே போகும்? பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியுமா? இம்மூன்றுக்கும் விடையளிக்கும் ஒரு பக்கத்தை எவ்வாறு அமைப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. பல குடும்பங்களின் பட்டறிவிலிருந்து நாங்கள் தொகுத்து அமைத்த எடுத்துக்காட்டு இது. இதில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகக் கொள்ளப்பட்டவை. எந்த மருத்துவமனையின் கட்டணத்தையும் அவை குறிக்கவில்லை.

எடுத்துக்காட்டுக் குடும்பம்

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டும் தந்தை. வீட்டைக் கவனிக்கும் தாய். பதினான்கு மாதப் பெண் குழந்தை. கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளங்கள் அடைபட்டு அழியும் பிறவிக்கால நோய் குழந்தைக்கு இருந்தது. பிறந்த எழுபதாவது நாளில் ‘காசாய்’ என்னும் அறுவைச் சிகிச்சை செய்தனர். அது முழுப்பயன் தரவில்லை. மஞ்சள் காமாலை மீண்டும் மிகுந்து, கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது. தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துக் குழந்தைக்குப் பொருத்துவதே இப்போதுள்ள வழி என்று மருத்துவர்கள் கூறியுள்ளனர்.

இந்தக் குடும்பத்தின் முதல் தாளில் இருந்தவை ‘20 லட்சம்’ என்ற எண்ணும் ‘48 மணி நேரம்’ என்ற கெடுவும் மட்டுமே. 20 லட்சம் எப்படி வந்தது என்று தந்தையைக் கேட்டபோது, “டாக்டர் பதினாறு, பதினேழு ஆகும் என்றார், மேல் செலவுக்குச் சேர்த்து இருபது என்று போட்டோம் சார்” என்றார். 48 மணி நேரம் என்பதை மருத்துவர் எவரும் சொல்லவில்லை. தாளை அடித்துக்கொடுத்தவர் தாமாகச் சேர்த்த வரி அது.

நோயைப் பற்றி எழுதுதல்

நோயைப் பற்றிய பகுதிக்கு நான்கு வாக்கியங்கள் போதும். நோயின் பெயர், இதுவரை செய்த சிகிச்சை, அடுத்துச் செய்யவேண்டியது, அதை எப்போதைக்குள் செய்யவேண்டும் என்பதும் அதற்கான காரணமும். இந்நான்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் கையொப்பமிட்ட கடிதத்தில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். கடிதத்தில் ‘ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள்’ என்று இருந்தால் வேண்டுகோளிலும் அவ்வாறே எழுதுங்கள். 48 மணி நேரம் என்று எழுதி, பத்து நாள் கழித்தும் அதே தாள் சுற்றிக்கொண்டிருந்தால், அதைப் படிப்பவர் முழுத்தாளையும் பொய்யென்று கருதிவிடுவார்.

‘நூறு விழுக்காடு குணமாகிவிடும்’ என்று எழுதாதீர்கள். மருத்துவர் அவ்வாறு சொல்லியிருக்கமாட்டார். சிகிச்சையின் பயன் குறித்து மருத்துவர் கடிதத்தில் ஒரு வரி இருந்தால் அதை அப்படியே எடுத்தெழுதலாம்; இல்லையேல் விட்டுவிடலாம்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுத்த படம் வேண்டாம். குழந்தை வீட்டில் இருக்கும் படமே போதும்; முகம் தெரியாத படமாக இருந்தாலும் தவறில்லை. வேண்டுகோள் ஒருமுறை வெளியே சென்றுவிட்டால் அதைத் திரும்பப் பெற இயலாது. அக்குழந்தை நலமாகிப் பள்ளிக்குச் செல்லும் காலத்திலும் அந்தப் படம் யாரோ ஒருவர் கைப்பேசியில் இருக்கும். பதினைந்து வயதில் அவளே அதைப் பார்க்க நேர்ந்தால் எதைக் காண்பாள் என்று எண்ணிப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ‘கல்லீரல் கொடுப்பவர் தேவை, உரிய தொகை தரப்படும்’ என்னும் பொருள்பட ஒரு வரிகூட வேண்டுகோளில் இடம்பெறக்கூடாது. பணத்திற்கு உறுப்பைக் கேட்பதும், தருவதாகச் சொல்வதும், அதற்காக விளம்பரம் செய்வதும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். அறியாமல் எழுதிய ஒரு வரி சிகிச்சையையே நிறுத்திவிடக்கூடும்.

தொகை எவ்வாறு வந்தது?

எஸ்டிமேட் என்று நாம் வழங்கும் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தை மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் கேட்டுப் பெறுங்கள். அதில் நாள், நோயாளியின் பதிவெண், முத்திரை ஆகியவை இருக்கவேண்டும். பெற்றவுடன் மொத்தத் தொகையைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், எவை அதில் சேர்ந்துள்ளன, எவை சேரவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நம் எடுத்துக்காட்டில் மதிப்பீடு 16,50,000 ரூபாய். தாய்க்கும் குழந்தைக்குமான அறுவைச் சிகிச்சைகள், குழந்தை 21 நாளும் தாய் 7 நாளும் மருத்துவமனையில் தங்குதல், அந்நாள்களின் மருந்துகள் ஆகியவை அதில் அடங்கும். அறுவைக்கு முன் இருவருக்கும் செய்யவேண்டிய பரிசோதனைகள் அடங்கா, அவற்றுக்கு 85,000. வீடு திரும்பிய பின் உட்கொள்ளும் மருந்துகளும் அடங்கா. பொருத்திய கல்லீரலை உடல் எதிர்க்காமல் தடுக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். இரத்தத்தில் அதன் அளவைத் தொடக்கத்தில் அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். முதல் ஆறு மாதத்திற்கு மாதம் 25,000 வீதம் 1,50,000 எனக் கொள்வோம். மருத்துவமனைக்கு அருகே மூன்று மாதம் அறையெடுத்துத் தங்க மாதம் 15,000 வீதம் 45,000. தொற்றோ மறு அறுவையோ நேர்ந்தால் செலவு பத்து விழுக்காடு வரை கூடலாம் என்று மதிப்பீட்டுக் கடிதமே கூறுவதால், அதற்கு 1,65,000. ஆக மொத்தம் 20,95,000 ரூபாய்.

தந்தை சொன்ன 20 லட்சத்திற்கு இது அருகில்தான் உள்ளது. எனினும் ‘மேல் செலவு’ என்று மறைந்திருந்த தொகை இப்போது நான்கு வரிகளாக வெளிப்பட்டுவிட்டது. படிப்பவர் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு.

அடுத்து, கையில் உள்ளதை எழுதவேண்டும். இதைச் சொன்னால் உதவி குறைந்துவிடும் என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். எங்கள் பட்டறிவு வேறு. குடும்பம் தன்னால் இயன்றதைச் செய்துவிட்டே கேட்கிறது என்று தெரிந்தால்தான் அயலார் கொடுக்கத் துணிகின்றனர். சேமிப்பும் நகை அடகும் சேர்ந்து 2,20,000; உறவினரும் தறிப்பட்டறை முதலாளியும் தந்தது 1,30,000; அறக்கட்டளை ஒன்று மருத்துவமனைக்கு நேரே செலுத்துவதாகக் கடிதம் தந்துள்ள தொகை 4,00,000. ஆக 7,50,000. இதனை மொத்தத்தில் கழித்தால் தேவை 13,45,000. வேண்டுகோளின் தலைப்பில் இடம்பெற வேண்டிய எண் இதுவே.

அரசு உதவிகளையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அந்நிதியின் உதவி மருத்துவமனைக்கே நேராகச் செல்லும். இவ்வுதவிகளுக்கு அறுவைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். செலவழித்த பின் திருப்பிக் கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். முடிவு வரும்வரை வேண்டுகோளில் ‘விண்ணப்பித்துள்ளோம், முடிவு வரவில்லை, கிடைக்கும் தொகை தேவையிலிருந்து கழிக்கப்படும்’ என்று எழுதுங்கள்.

எந்தக் கணக்கிற்குப் பணம் வரவேண்டும்?

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, மருத்துவமனையின் கணக்கு. பணம் அனுப்புவோர் குறிப்புப் பகுதியில் நோயாளியின் பதிவெண்ணை எழுதினால், அத்தொகை நோயாளியின் பெயரில் முன்பணமாக வரவு வைக்கப்படும். படிப்பவருக்கு இதைவிட நம்பிக்கை தரும் வழி இல்லை. ஆனால் பதிவெண் இல்லாமல் வரும் பணம் யாருக்கென்று தெரியாமல் நின்றுவிடும். ஆகவே பதிவெண்ணைக் கணக்கு எண்ணுக்கு அடுத்த வரியிலேயே பெரிதாக எழுதுங்கள். வாரம் ஒருமுறை கணக்குப் பிரிவில் வரவுப் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். சிகிச்சை முடிந்து முன்பணம் மீந்தால் அது யாரிடம் திருப்பித் தரப்படும் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறை வாடகை, வெளியே வாங்கும் மருந்து முதலியவற்றை அக்கணக்கிலிருந்து கொடுக்க இயலாது. அதற்கு இரண்டாவது வழி, குடும்பத்தின் கணக்கு. அவ்வாறாயின் இதற்கென்றே புதிய சேமிப்புக் கணக்கொன்றைத் தொடங்குங்கள். பெற்றோர் இருவரும் சேர்ந்த கணக்காக இருப்பது நல்லது. கூலியும் மளிகைச் செலவும் நடக்கும் பழைய கணக்கில் உதவிப் பணமும் சேர்ந்தால், பிறகு எது எதற்குச் சென்றது என்று உங்களாலேயே பிரித்துக் காட்ட இயலாது. உறவினர், நண்பர், ஊர்ப் பெரியவர் என எவருடைய கணக்கையும் கொடுக்கவேண்டாம். அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் நோயாளிக்கும் கணக்கின் பெயருக்கும் தொடர்பில்லை என்று கண்டவுடன் படிப்பவர் விலகிவிடுவார்.

கணக்கின் வகையையும் வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழு ஆவணங்கள் இல்லாமல் தொடங்கப்பெறும் ‘சிறு கணக்கு’ என்னும் வகையில், ஒரு நிதியாண்டில் வரும் மொத்த வரவு ஒரு லட்சம் ரூபாயையும், எந்நேரத்திலும் உள்ள இருப்பு 50,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. ஒரு மாதத்தில் எடுக்கும் தொகையும் 10,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. இதை அறியாமல் அக்கணக்கைக் கொடுத்துவிட்டால், உதவி வரத்தொடங்கிய சில நாள்களிலேயே வரம்பு முட்டிவிடும். அறுவைக்கு முந்தைய நாள் பணம் எடுக்க இயலாமல் நிற்பதைவிட, முன்பே அடையாள, முகவரிச் சான்றுகளைக் கொடுத்து முழுமையான சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்வது மேல்.

வருமான வரியையும் கருதவேண்டும். உறவினர் அல்லாதோரிடமிருந்து ஒரு நிதியாண்டில் பெறும் அன்பளிப்புகளின் கூட்டுத்தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், அத்தொகை முழுவதும் பெற்றவரின் வருமானமாகக் கருதப்படும் என்பது பொதுவிதி. பதிவுபெற்ற அறக்கட்டளையிலிருந்து பெறும் உதவிக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. பெருந்தொகையை மருத்துவமனைக் கணக்கிற்கே வரச்செய்து, குடும்பக் கணக்கைச் சிறு செலவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குடும்பக் கணக்கில் லட்சக்கணக்கில் பணம் வரும் என்று தெரிந்தால், முன்னதாகவே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். அதேபோல், தனிமனிதரின் கணக்கிற்கு அனுப்பும் பணத்திற்கு அனுப்பியவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. அது கிடைக்கும் என்று வேண்டுகோளில் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து உதவி வரக்கூடுமானால் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் பணிபுரியும் இந்தியக் குடிமகன் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவதற்கு அது பொருந்தாது. ஆகவே அத்தகையோரிடம் கேட்கும் முன்னரும் ஆடிட்டரின் கருத்தைப் பெறுங்கள்.

எண்களை எழுதும் முறை

வங்கி விவரத்தில் ஐந்து வரிகள் போதும்: பாஸ்புத்தகத்தில் உள்ளவாறே கணக்கின் பெயர், கணக்கு எண், வங்கியும் கிளையும், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, நோயாளியின் பதிவெண். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் பதினோர் எழுத்துகள் இருக்கும். முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது எப்போதும் சுழியம். கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் சுழியத்திற்குப் பதில் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தை அடித்துவிடுவது அடிக்கடி காணும் பிழை. தாளை வெளியிடும் முன், வேறொரு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, அதில் உள்ளதை மட்டும் பார்த்து ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு ரூபாய் வந்து சேர்ந்த பிறகே தாள் வெளியே போகட்டும்.

ஆதார் எண், பான் எண், ஏ.டி.எம். அட்டையின் படம், கையொப்பமிட்ட காசோலையின் படம் ஆகியவற்றை வேண்டுகோளில் சேர்க்கக்கூடாது. நம்பகத்தன்மைக்காக என்று சிலர் இவற்றை ஒட்டிவிடுகின்றனர். பணம் பெறுவதற்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. தீயவர் கையில் இவை எல்லாமே ஆபத்து.

வேண்டுகோள் வெளியான மறுநாளே சில அழைப்புகள் வரும். ‘ஒரு லட்சம் அனுப்புகிறேன், இந்தப் படத்தை ஸ்கேன் செய்யுங்கள்’ என்றோ, ‘ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்’ என்றோ கேட்பார்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண்ணை அழுத்தவேண்டிய தேவையே இல்லை. பின் எண்ணை அழுத்தினால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறும். கவலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் இது மறந்துபோகும். ஆகவே வேண்டுகோளில் உள்ள கைப்பேசியை யார் எடுப்பது என்று ஒருவரை முன்பே அமர்த்தி, அவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

மற்றொரு தீங்கும் உண்டு. உண்மையான வேண்டுகோளை எடுத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி வேறு எவரோ சுற்றுக்கு விடுவர். இதை முற்றிலும் தடுக்க இயலாது. கண்டுபிடிக்க வழி செய்யலாம். தாளில் மருத்துவமனையின் பெயர், சமூகப்பணிப் பிரிவு, நோயாளியின் பதிவெண் ஆகியவற்றை எழுதி, ‘பணம் அனுப்பும் முன் மருத்துவமனையின் பொது எண்ணில் கேட்டு உறுதிசெய்துகொள்ளவும்’ என்று சேருங்கள். எங்கள் பிரிவில் உண்மைப் பிரதி ஒன்றைக் கொடுத்து வைத்தால், கேட்பவரிடம் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை நாங்கள் ஒப்பிட்டுச் சொல்வோம். படிப்பவரும் தாளில் உள்ள எண்ணை அழைக்காமல், மருத்துவமனையின் எண்ணைத் தாமே தேடி அழைக்கவேண்டும். தாளை மாற்றியவன் தொலைபேசி எண்ணையும் மாற்றியிருப்பான். பணம் அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயர் தாளில் உள்ள பெயரோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதும் தேவை.

பின்னறிவிப்பு

மூன்றாவது கேள்வி பெரும்பாலும் விடையின்றியே நின்றுவிடுகிறது. சிகிச்சை நடக்கும்போது எழுத மனம் இருப்பதில்லை. முடிந்தபின் எழுதத் தோன்றுவதில்லை. ஆதலால் பத்து நாளுக்கு ஒருமுறை ஐந்து வரிகள் எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, அந்தப் பொறுப்பைப் பெற்றோரிடம் விடாமல் சித்தப்பா, அத்தை போன்ற ஒருவரிடம் கொடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அக்குழந்தையின் தாய்மாமன் அதைச் செய்தார்.

முதல் பத்து நாளின் அறிவிப்பு: “112 பேரிடமிருந்து 3,86,500 ரூபாய் வந்துள்ளது. பரிசோதனைகளுக்கு 85,000 செலுத்தினோம். தாயின் கல்லீரல் பொருந்தும் என்று உறுதியாயிற்று.” கொடுத்தவர் பெயர்களை அவர்கள் இசைவில்லாமல் வெளியிடவில்லை, எண்ணிக்கையும் தொகையும் மட்டுமே.

இருபதாம் நாள் வந்த செய்தி சங்கடமானது. அறக்கட்டளை 4,00,000 தருவதாகச் சொல்லி, இறுதியில் 3,00,000 மட்டுமே செலுத்தியது. தேவை 14,45,000 ஆக உயர்ந்தது. தாய்மாமன் காரணத்தோடு அதை எழுதினார். அதற்கு அடுத்த வாரம் அரசு உதவியாக 5,00,000 ஒப்புதலானது. தேவை 9,45,000 ஆகக் குறைந்தது. அதையும் உடனே எழுதினார். கூடும்போது சொன்னவர் குறையும்போதும் சொல்கிறார் என்பதைக் கண்டபின், முன்னர் கொடுத்தவர்களே தம் நண்பர்களுக்கு அத்தாளை அனுப்பினர்.

பொதுமக்களிடமிருந்து வந்த தொகை 9,61,000 ஐத் தொட்டதும் ‘போதும், இனி அனுப்பவேண்டாம்’ என்று அறிவித்தார். இந்த அறிவிப்பு மிக முக்கியம். குழந்தை நலமாகி ஆண்டுகள் கடந்த பின்னும் பழைய தாள்கள் சுற்றிக்கொண்டே இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். முதல் தாளிலேயே ‘இவ்வேண்டுகோள் இன்ன நாள் வரை மட்டுமே செல்லும்’ என்று எழுதியிருந்தால், அந்நாளுக்குப்பின் அதைக் காண்பவர் தாமே தெரிந்துகொள்வார். நாள் நீட்டிக்க வேண்டியிருந்தால் புதிய தாளை வெளியிடலாம்.

இறுதிக் கணக்கு இவ்வாறு அமைந்தது. வந்தது: குடும்பம் 2,20,000, உறவினரும் முதலாளியும் 1,30,000, அறக்கட்டளை 3,00,000, அரசு உதவி 5,00,000, பொதுமக்கள் 9,61,000, ஆக 21,11,000. சென்றது: பரிசோதனை 85,000, மருத்துவமனைப் பட்டியல் 17,20,000. ஒரு தொற்றினால் தங்கல் நான்கு நாள் நீண்டதால் மதிப்பீட்டைவிட 70,000 கூடியது. மீதி 3,06,000. இதில் ஆறு மாத மருந்துக்கும் மூன்று மாத வாடகைக்கும் ஒதுக்கியது 1,95,000. எஞ்சியது 1,11,000.

எஞ்சும் பணம் என்ன ஆகும் என்பதை முதல் தாளிலேயே எழுதியிருந்தனர்: ‘மீதி இருப்பின் ஓராண்டு வரை மருந்துச் செலவுக்கும், அதன் பின்னும் இருப்பின் மருத்துவமனையின் ஏழை நோயாளர் நிதிக்கும்.’ 1,11,000 ரூபாய் ஆறு மாதத்திற்குப் பிந்தைய நான்கு மாத மருந்துக்குத்தான் போதும். அதையே அவர்கள் எழுதினர். அடகில் இருந்த நகையை மீட்க அப்பணத்தைத் தொடவில்லை. நகையை மீட்க வேண்டுமென்ற எண்ணம் தவறன்று. ஆனால் அதற்கும் உதவி வேண்டுமானால் முதல் தாளில் தனி வரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். எல்லாச் சிகிச்சைகளும் வெற்றியில் முடிவதில்லை. நோயாளி இறந்துவிட்டால், துயரத்தின் நடுவே கணக்கெழுத எவருக்கும் மனம் வராது. அப்போது பின்னறிவிப்புப் பொறுப்பில் உள்ளவர் இரண்டே வரி எழுதினால் போதும்: இன்ன நாளில் இறந்தார், இனிப் பணம் அனுப்பவேண்டாம். மருத்துவமனைப் பட்டியலில் நிலுவை இருந்தால் அத்தொகையை மூன்றாவது வரியாக எழுதலாம்; அதற்கு உதவி கேட்பதிலும் தவறில்லை. விரிவான கணக்கு ஒரு மாதம் கழித்து வரலாம். அதுவரை எவரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஒரு பக்கத்தில்

மேலே கூறியவை அனைத்தும் ஒரே பக்கத்தில் அடங்கும். அக்குடும்பத்தின் இரண்டாவது தாள் இவ்வாறு இருந்தது:

> பதினான்கு மாதக் குழந்தையின் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கு உதவி வேண்டுகோள்
>
> வெளியிட்ட நாள்: ……… இவ்வேண்டுகோள் செல்லும் நாள்: ……… வரை
>
> எங்கள் மகளுக்குப் பித்தநாளங்கள் அழியும் பிறவிக்கால நோய் உள்ளது. எழுபதாவது நாளில் செய்த அறுவைச் சிகிச்சை முழுப்பயன் தரவில்லை. தாயின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்தவேண்டும். கல்லீரல் சுருங்கி வருவதால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் செய்யவேண்டும் என்று மருத்துவர் எழுதியுள்ளார்.
>
> மொத்தச் செலவு 20,95,000. எங்களிடமும் உறுதியாகவும் உள்ளது 7,50,000. தேவை 13,45,000 ரூபாய். விவரம் பின்பக்கம். அரசு உதவிக்கு விண்ணப்பித்துள்ளோம், கிடைப்பது கழிக்கப்படும்.
>
> மருத்துவமனைக் கணக்கு: பெயர், எண், வங்கி, கிளை, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. குறிப்பில் பதிவெண் ……… எழுதவும்.
>
> அனுப்பும் முன் மருத்துவமனையின் பொது எண்ணில் சமூகப்பணிப் பிரிவைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளவும்.
>
> பத்து நாளுக்கு ஒருமுறை வரவு செலவு தெரிவிப்போம். மீதி இருப்பின் ஓராண்டு வரை மருந்துக்கும், பின்னர் ஏழை நோயாளர் நிதிக்கும் சேரும்.
>
> பெற்றோர் கையொப்பம்

முதல் தாளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் கண்ணீர்ச் சொல் எதுவும் இல்லை. படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடை இருக்கிறது.

வேண்டுகோள் எழுத எண்ணும் குடும்பத்தினர் செலவு மதிப்பீட்டுக் கடிதம், மருத்துவர் கடிதம், பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு சமூகப்பணிப் பிரிவுக்கு வாருங்கள். எழுதிய தாளை வெளியிடும் முன் எண்களை உங்களோடு அமர்ந்து ஒருமுறை சரிபார்த்துத் தருகிறோம்.